உடைந்த பொருளின் படம்: மூலக் கோப்பும் அன்றைய குறிப்பும்

"புனேயிலிருந்து திருச்சிக்கு வீடு மாற்றினோம். லாரியில் வந்த ஃபிரிட்ஜ், டிவி, அம்மாவின் தேக்கு அலமாரி மூன்றும் அடிபட்டிருந்தன. படம் எடுத்து மூவர்ஸ் நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவர்கள் கொடுத்த கிளெய்ம் லிங்க்கிலும் ஏற்றினேன். ஒன்றரை மாதம் ஆகிறது. இப்போது அந்த லிங்க் திறக்கவில்லை. ரிவ்யூவில் போட்ட படங்களும் காணவில்லை. போனில் இடம் இல்லையென்று ஒரிஜினல் படங்களை அழித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் இருக்கும் படமே போதுமா? எழுதி எதுவும் வைக்கவில்லை."

முதலில் ஒரு வேலை செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். போனின் கேலரியில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். கூகுள் போட்டோஸ் என்றால், காப்பு எடுக்கப்பட்ட படத்தை அழித்தாலும் 60 நாள் வரை அந்தத் தொட்டியில் கிடக்கும். காப்பு எடுக்காத படம் 30 நாள். ஐபோனிலும் 30 நாள்தான் கணக்கு. ஒன்றரை மாதம் என்கிறீர்கள், அதனால் கூகுள் தொட்டியில் இன்னும் இரண்டு வாரம் மிச்சமிருக்க வாய்ப்பு உண்டு. அதுபோக, நீங்கள் "இடத்தைக் காலி செய்" என்ற பொத்தானை அமுக்கியிருந்தால் படம் போனிலிருந்து மட்டும்தான் போயிருக்கும், உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரில் photos.google.com திறந்து அந்தத் தேதிக்குப் போய்ப் பாருங்கள். அன்று வீட்டில் வேறு யாராவது, மனைவியோ மகனோ மைத்துனரோ, தங்கள் போனில் ஒரு படமாவது எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

பார்த்தாயிற்றா? சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேல் சரக்குச் சேதம் மதிப்பிடும் சர்வேயராக வேலை பார்த்தவன். லாரியில் வந்த பொருள் உடைந்தால் எதிர்த்தரப்பு சொல்வது எப்போதும் மூன்றே மூன்றுதான். ஏற்றும்போதே உடைந்திருந்தது. அல்லது, நாங்கள் இறக்கிவைத்துவிட்டுப் போன பிறகு உங்கள் வீட்டில் உடைந்தது. அல்லது, படத்தில் இருப்பது நாங்கள் கொண்டுவந்த பொருளே அல்ல. உங்கள் ஆதாரம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். உடைசல் எவ்வளவு பெரியது என்று காட்டும் படம் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாது. எப்போது, எங்கே, எது என்று சொல்லும் படம்தான் வேண்டும்.

ஒரு டிவியின் கதையைச் சொல்கிறேன். ஈரோட்டுக்கு வீடு மாறி வந்த ஒரு குடும்பம். 55 அங்குல டிவி, வாங்கிய விலை நாற்பத்தெட்டாயிரம். லாரி சாயங்காலம் வந்தது. கணவர் பதினோரு படம் எடுத்திருக்கிறார். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு ஆற அமர உட்கார்ந்து அவற்றை நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அப்புறம் போன் நிறைந்துவிட்டது என்று கேலரியைத் துடைத்துவிட்டார். நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? "மறுநாள் காலையில் நீங்கள் கார்ப்பென்டரை வைத்து டிவியைச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள், அப்போது விரிசல் விட்டிருக்கிறது, மதியம் எங்களுக்குப் படம் அனுப்புகிறீர்கள்" என்றது. அவர் கையில் இருந்த வாட்ஸ்அப் படங்களில் மறுநாள் மதியம் என்ற நேரம் மட்டும்தான் இருந்தது. பொய் சொல்லாத மனிதர், ஆனால் அவருடைய ஆதாரமே எதிராளிக்குச் சாட்சியாகிவிட்டது.

அவரைக் காப்பாற்றியது அவர் மனைவி எடுத்த இரண்டு படங்களும், அந்த அம்மா பால் கணக்கு எழுதும் நோட்டில் கிறுக்கிவைத்த நான்கு வரிகளும். அந்த இரண்டு படமும் அந்த அம்மாவின் போனில் அப்படியே இருந்தன. கோப்பின் உள்ளே படம் எடுத்த நேரம் மாலை 7.08 என்று பதிந்திருந்தது. டெலிவரி ரசீதில் கையெழுத்தான நேரம் 7.40. முதல் படத்தில் லோடுமேன் ஒருவர் டேப்பைக் கிழித்துக்கொண்டு நிற்கிறார், அவர் பின்னால் அட்டைப்பெட்டியின் வலது கீழ் மூலை நசுங்கியிருக்கிறது. இரண்டாவதில் டிவி வெளியே வந்துவிட்டது, திரையின் வலது கீழ் மூலையிலிருந்து சிலந்தி வலை போல விரிசல் கிளம்புகிறது. விரிசல் எங்கே தொடங்கியதோ அங்கேதான் அடி விழுந்தது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பெட்டியின் மூலையும் திரையின் மூலையும் ஒன்றுக்கொன்று நேர். கார்ப்பென்டர் கதை அதோடு போயிற்று.

நோட்டில் இருந்தது இது: "டிவி பெட்டி வலது மூலை நசுங்கி ஈரமாக இருந்தது. பிரித்ததும் திரையில் கீறல். லோடுமேன் வழியில் மழை, தார்ப்பாய் ஒழுகியது என்றார். 7.10." ஈரம் படத்தில் தெரியவில்லை. இரவு நேரம், ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் ஈர அட்டையும் காய்ந்த அட்டையும் ஒரே பழுப்புதான். தார்ப்பாய் ஒழுகியதை எந்தப் படமும் காட்டாது. ஆனால் அந்த வரி இருந்ததால்தான் நான் மற்றப் பெட்டிகளையும் திருப்பிப் பார்த்தேன். மூன்று பெட்டிகளின் அடியில் நீர்க்கறை இருந்தது. அந்த அம்மா எழுதியது நான்கு வரி, எழுத ஆன நேரம் இரண்டு நிமிடம் இருக்கலாம்.

இதிலிருந்து உங்கள் கேள்விக்கு வருவோம். வாட்ஸ்அப் படம் போதுமா?

சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது. அதைவிட முக்கியம், கேமரா கோப்புக்குள் எழுதிவைத்த விவரங்களை உருவி எடுத்துவிடுகிறது: எடுத்த தேதி, நொடி வரை நேரம், போனின் மாடல், லொகேஷன் போட்டிருந்தால் இடம். கோப்பின் பெயரிலேயே வித்தியாசம் தெரியும். கேமராவிலிருந்து வந்தது பல ஆண்ட்ராய்டு போன்களில் இப்படி இருக்கும், கீழே உள்ளது வாட்ஸ்அப் வழியாக வந்தது:

```
IMG_20230611_190842.jpg
IMG-20230612-WA0012.jpg
```

மேலே உள்ளதில் நேரம் இருக்கிறது. கீழே உள்ளதில் தேதி இருக்கிறது, ஆனால் அது அனுப்பிய தேதி, எடுத்த தேதி அல்ல. பெரிதாக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் புரியும். அலமாரிக் கதவின் கீல் பிடுங்கிய இடத்தில் மரம் புதிதாகப் பிளந்திருக்கிறதா, பழைய பிளவில் அழுக்கு ஏறியிருக்கிறதா என்பதை மூலப் படத்தில் பார்க்கலாம். வாட்ஸ்அப் படத்தில் அந்த இடம் மெழுகு பூசியதுபோல இருக்கும். தேக்கு புதிதாகப் பிளந்தால் உள்ளே வெளிறிய பொன்னிறம், நாள்பட்ட பிளவு கறுத்துக் கிடக்கும். "ஏற்றும்போதே உடைந்திருந்தது" என்ற வாதத்துக்கு இந்த நிறம்தான் பதில்.

அதற்காக வாட்ஸ்அப் படத்தைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறொன்றை நிரூபிக்கிறது: நிறுவனத்துக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தெரியப்படுத்தினீர்கள், அவர்கள் பார்த்தார்களா, என்ன பதில் போட்டார்கள் என்பதை. "எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்று அவர்கள் பிறகு சொன்னால் அதுதான் கைகொடுக்கும். மூலக் கோப்பு சேதத்துக்குச் சாட்சி, வாட்ஸ்அப் தகவல் கொடுத்ததற்குச் சாட்சி. இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு மற்றொன்று மாற்று ஆகாது.

அந்த உரையாடலையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். மறைந்துபோகும் செய்தி என்ற வசதி அந்த உரையாடலில் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம், எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் அதைப் போட முடியும். போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு படங்களோடு சேர்த்து உரையாடலை ஏற்றுமதி செய்து கம்ப்யூட்டரில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் நீங்கள் அனுப்பிய படங்களின் பிரதி இந்த இடத்தில் தனியாக இருக்கும், அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

கிளெய்ம் லிங்க் மூடியதைப் பற்றி நிறைய ஆத்திரப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது சதி அல்ல. இப்படிப்பட்ட பக்கங்கள் ஒரு டிக்கெட்டுக்காகத் திறக்கப்படுகின்றன, டிக்கெட் முடிந்தது என்று யாராவது குறித்தால் மூடிக்கொள்கின்றன. சில நிறுவனங்கள் இந்த வேலையை வெளியாருக்குக் கொடுத்திருக்கும், ஒப்பந்தம் முடிந்தால் பக்கம் போய்விடும். ரிவ்யூவும் அப்படித்தான், விதிமீறல் என்று யாரோ புகார் செய்தால் தளம் எடுத்துவிடலாம், ஏன் என்று உங்களுக்குச் சொல்லாமலும் போகலாம். காரணம் எதுவானாலும், நீங்கள் படத்தை வைத்த இடம் இன்னொருவருடைய அலமாரி, சாவி அவர்களிடம். ஏற்றியதும் வந்த ஒப்புகை மின்னஞ்சல், எஸ்எம்எஸ், டிக்கெட் எண் இவை இருந்தால் தேடி எடுங்கள். "இந்தத் தேதியில் இந்த எண்ணில் நான் ஏற்றிய படங்களின் பிரதியை அனுப்புங்கள்" என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். அனுப்பினால் நல்லது. அனுப்பாவிட்டால், கேட்டும் தரவில்லை என்பது உங்கள் புகாரில் ஒரு பத்தியாகும்.

அடுத்த முறைக்கும், இப்போது தொட்டியிலிருந்து மீளும் படங்களுக்கும் பொருந்துகிற விஷயம்: மூலக் கோப்பை வைத்துக்கொள்வது என்றால் நடைமுறையில் என்ன? கேமரா எழுதியபடியே, வெட்டாமல், திருப்பாமல், வெளிச்சம் கூட்டாமல், பெயர் மாற்றாமல் வைப்பது. உடைந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட வேண்டுமா, பிரதி ஒன்று எடுத்து அதில் போடுங்கள். சில போன்களில் எடிட் செய்து சேமித்தால் பழையதன் மேலேயே எழுதிவிடும், கவனம். படத்தின் மேல் தேதியும் நேரமும் அச்சடித்துக் கொடுக்கும் கேமரா செயலிகளைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். நான் அவ்வளவாக நம்புவதில்லை. படத்தின் மேல் இருக்கும் எழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம் என்று வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். கோப்புக்குள் இருக்கும் நேரத்தையும் மாற்ற முடியும்தான். ஆனால் அது டெலிவரி ரசீதின் நேரத்தோடும், லாரி உள்ளே வந்தபோது அபார்ட்மெண்ட் வாசலில் எழுதிய பதிவேட்டோடும், உங்கள் கைக்குறிப்போடும் ஒத்துப்போகும்போது அசைப்பது கடினம். அதனால் போனின் கடிகாரம் நெட்வொர்க்கில் தானாக நேரம் எடுப்பதாக இருக்கட்டும்.

படங்களைப் போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கேபிள் வழியாக எடுங்கள். வேறு வழியில்லை, வாட்ஸ்அப்தான் என்றால், படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பினால் கோப்பு சுருங்காமல் போகும். பிரதி எடுத்ததும் கம்ப்யூட்டர் காட்டும் "உருவாக்கிய தேதி" இன்றைய தேதியாக மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கம்ப்யூட்டர் பிரதி எடுத்த நேரம். எடுத்த நேரம் கோப்பின் உள்ளே பத்திரமாக இருக்கும். விண்டோஸில் கோப்பின் விவரங்களில் Date taken என்று காட்டும். பிறகு ஒரு பென்டிரைவில் இன்னொரு பிரதி. போனையும் விற்றுவிடாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

மின்னஞ்சலில் இணைத்து உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்வதும் நல்ல பழக்கம், நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பி உங்களுக்கும் நகல் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. அந்தத் தேதி உங்கள் கைக்கு அப்பாற்பட்ட சர்வர் போட்ட தேதி. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பியைத் தாண்டினால் அது கோப்பாகப் போகாமல் டிரைவ் லிங்க்காகப் போகும். மறுபடி லிங்க், மறுபடி அதே கதை. ஒரு படம் நாலைந்து எம்பி இருக்கும், அதனால் ஒரு மின்னஞ்சலுக்கு நான்கு படம் என்று பிரித்து அனுப்புங்கள்.

எழுதி வைக்கவில்லை என்று சொன்னீர்களே, எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. நம் ஊரில் போன் வந்த பிறகு படம் எடுத்தால் போதும் என்று ஆகிவிட்டது. படம் பேசாது. ஒரு ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் பள்ளம் தெரிகிறது. எந்தப் பக்கம், எந்த ஃபிரிட்ஜ், பிரிக்கும் முன் சுற்றியிருந்த அட்டை கிழிந்திருந்ததா, இறக்கியது யார், அவர் என்ன சொன்னார், கரண்ட் கொடுத்ததும் கம்ப்ரஸர் ஓடியதா, எதுவும் படத்தில் இல்லை. ஆறு மாதம் கழித்து உங்களுக்கே மறந்துபோகும். சாட்சி சொல்பவர், சம்பவம் நடந்தபோதோ நினைவு பசுமையாக இருக்கும்போதோ தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 159ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. கூடவே இன்னொன்றும் உண்டு: எதிர்த்தரப்பு கேட்டால் அந்தக் குறிப்பை அவர்களுக்குக் காட்ட வேண்டும், அதிலிருந்து குறுக்கு விசாரணை செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் குறிப்பில் வசவு எழுதாதீர்கள், "வேண்டுமென்றே போட்டு உடைத்தார்கள்" என்று ஊகமும் எழுதாதீர்கள். கண்டது, கேட்டது, அளந்தது மட்டும்.

உங்கள் ஃபிரிட்ஜுக்கு அன்றே எழுதியிருந்தால் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்: "லாரி 5.20க்கு வந்தது. ஃபிரிட்ஜ், பேக்கிங் லிஸ்ட் எண் 14, சீரியல் எண் இன்னது. இடது பக்கம் அட்டை ஒரு சாண் கிழிந்திருந்தது, பிரிக்கும் முன் படம் 190312. பிரித்தபின் இடது பக்கம் கீழிருந்து 40 செ.மீ. உயரத்தில் பள்ளம், அகலம் 11 செ.மீ., படம் 190540, 190551. அருகில் நான், மனைவி, கீழ்வீட்டுக்காரர். சூப்பர்வைசர் ஆபீசில் சொல்லுங்கள் என்றார். ரசீதில் 'ஃபிரிட்ஜ் இடது பக்கம் டேமேஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்." பட எண்ணைக் குறிப்பில் எழுதுவதுதான் இரண்டையும் கட்டும் கயிறு. தைத்த நோட்டில் பேனாவால் எழுதுங்கள், தாள் கிழியாத நோட்டாக இருக்கட்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், வெள்ளை மை வேண்டாம்.

ரசீது என்றதும் ஞாபகம் வருகிறது. லாரிக்காரர்கள் எல்.ஆர். என்பார்கள், கூடவே டெலிவரி தாள் ஒன்று இருக்கும். அதில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்? "நல்ல நிலையில் பெற்றேன்" என்று அச்சடித்ததன் கீழே வெறும் கையெழுத்து மட்டும் என்றால், அது உங்களுக்கு எதிரான தாள். அப்படியிருந்தால் வழக்கு செத்துவிட்டது என்று பொருள் இல்லை, மற்ற ஆதாரங்கள் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று பொருள். உங்களிடம் உள்ள பிரதியைத் தேடிப் பாருங்கள்.

இப்போது எழுதலாமா? எழுத வேண்டும். ஆனால் இன்றைய தேதி போட்டு, "நினைவிலிருந்து எழுதுகிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். ஒன்றரை மாதம் பின்தேதி போட்டு எழுதும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம். நோட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு தேதிகளைக் காட்டிவிடும்; ஒரு தாள் பொய் என்று தெரிந்தால் உண்மையான தாள்களும் அதோடு போகும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். அன்று உடனிருந்தவர்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதக்கூடாது. வார்த்தைக்கு வார்த்தை ஒரேமாதிரி இருக்கும் இரண்டு சாட்சியம் ஒன்றைவிடப் பலவீனம்.

பொருள்கள் இன்னும் பழுது பார்க்காமல் இருந்தால் இன்று மறுபடி படம் எடுங்கள். எப்போது உடைந்தது என்று அந்தப் படம் சொல்லாது, எப்படி உடைந்திருக்கிறது என்று சொல்லும். பழைய வாட்ஸ்அப் படத்தின் பக்கத்தில் வைத்தால் அதே உடைசல்தான் என்பது விளங்கும். முதலில் அறை முழுவதும் தெரிய, பிறகு பொருள் முழுவதும், பிறகு கிட்டப்போய் ஒரு ஸ்கேலை வைத்து. சீரியல் எண் ஒட்டிய இடத்துக்குத் தனியாக ஒரு படம். பிளந்த மரத்தைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து எடுத்தால் பிளவின் உட்புற நிறம் தெரியும். அட்டைப்பெட்டி, தெர்மாகோல் இன்னும் இருந்தால் வீசாதீர்கள். டிவியைச் சர்வீஸ் சென்டரில் பார்த்திருந்தால் அவர்களுடைய ஜாப் ஷீட்டில் தேதியும் சீரியல் எண்ணும் இருக்கும். அது மூன்றாம் மனிதரின் ஆவணம் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. கழற்றிய பேனலைத் திருப்பி வாங்கி வையுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மனு எழுத ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம் நடப்பில் இருக்கிறது. மின்னணு ஆவணத்தின் பிரதியையோ பிரிண்ட்டையோ தாக்கல் செய்யும்போது அதன் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் இதை 65பி சான்றிதழ் என்பார்கள். படிவத்தில் இரண்டு பகுதி: முதல் பகுதி உங்களுடையது, இரண்டாவது நிபுணர் நிரப்புவது. போனின் மாடல், நிறம், சீரியல் எண், ஐஎம்இஐ எல்லாம் கேட்கும். போனை விற்காதீர்கள் என்றேனே, அதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை, பிரதிதான் என்றால் சான்றிதழ் கட்டாயம். அது பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் வைத்துத்தான் நடக்கும், உரிமையியல் நீதிமன்றம் அளவுக்குக் கெடுபிடி இருக்காது. ஆனாலும் எதிர்த்தரப்பு படத்தை மறுத்தால் கையில் சான்றிதழ் இருப்பது நிம்மதி.

அந்தப் படிவம் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி; ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிவிடும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, படம் இருக்கும் ஃபோல்டருக்குப் போய் இதை அடித்தால் போதும்:

```
certutil -hashfile IMG_20230611_190842.jpg SHA256
```

வரும் நீளமான எண்ணெழுத்தைக் குறிப்பு நோட்டில் எழுதத் தேவையில்லை. ஒரு கோப்பில் ஒட்டி, பிரிண்ட் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். கோப்புகளை மீட்டதும் முதல் வேலையாக இதைச் செய்தால், இரண்டு வருடம் கழித்தும் அதே கோப்புதான் என்று காட்டலாம். ஹாஷ் எடுத்த நாளுக்கு முன் படத்தில் யாரும் கைவைக்கவில்லை என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்குத்தான் மற்ற ஆதாரங்கள்.

கெடு தேதிகள் இரண்டு உண்டு, இரண்டையும் காலண்டரில் குறியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். அதற்கு முன்பே வருவது இன்னொன்று: 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. சரக்கை ஏற்றிவந்த நிறுவனத்தின்மேல் சேதத்துக்காக வழக்குப் போட வேண்டுமானால், வழக்குக்கு முன்னதாக, சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். டெலிவரி ஆன நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து. நிறுவனத்தின் ஆள் "பார்த்துக்கொண்டிருக்கிறோம் சார், அடுத்த வாரம்" என்று வாட்ஸ்அப்பில் இழுத்துக்கொண்டே போய் இந்த 180 நாளைக் கடத்திவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடலை நோட்டீஸ் என்று வாதாடலாம், ஆனால் எதற்கு அந்த வம்பு?

உங்களுக்கு ஒன்றரை மாதம்தான் ஆகியிருக்கிறது, அதனால் இந்த வாரமே ஒரு தாளில் எழுதுங்கள். எல்.ஆர். எண், புக் செய்த தேதி, இறக்கிய தேதி, மூன்று பொருள், ஒவ்வொன்றின் சேதம், கேட்கும் தொகை. கூடவே இருக்கிற படங்களின் பிரிண்ட், ஒவ்வொன்றின் பின்னாலும் கோப்பின் பெயர். எல்.ஆரில் அச்சடித்திருக்கும் முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். அதே நோட்டீஸை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், படங்களை நாலு நாலாக இணைத்து.

குப்பைத்தொட்டியில் என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். அலமாரியின் மூலப் படம் ஒன்றாவது கிடைத்திருந்தால், அந்தப் பிளவின் நிறம் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.